விலை ஆவரேஜுக்கு வந்துச்சு, காசு ஏன் திரும்பி வரல?

*வணக்கம் சார். வயசு 36, ஈரோட்டுல மஞ்சள் மண்டியில கணக்கு பாக்குறேன், மூணு வருஷமா ஸ்டாக் ஃபியூச்சர்ஸ் பண்றேன். என்னோட முறை சிம்பிள், ஒரு பங்கு 20 நாள் ஆவரேஜ்ல இருந்து 15 சதவீதத்துக்கு மேல விலகிப் போனா ஷார்ட் போடுவேன், ஆவரேஜுக்கு வந்ததும் கவர் பண்ணுவேன். நாலு தடவை ஜெயிச்சேன். அஞ்சாவது தடவை ஆவரேஜ் 1,000-ல இருந்தப்ப 1,180-க்கு ஒரு லாட் (500 பங்கு) ஷார்ட் போட்டேன். ஏறிட்டே போச்சு, 1,260-ல இன்னொண்ணு, 1,340-ல ரெண்டு லாட் போட்டேன். 1,430-ல மார்ஜின் பத்தலைன்னு புரோக்கரே க்ளோஸ் பண்ணிட்டாங்க, 3 லட்சம் போச்சு. அப்புறம் 1,500 வரைக்கும் போய், நான் ஆரம்பிச்சு மூணு வாரத்துல 1,310-க்கு இறங்கி 20 நாள் ஆவரேஜைத் தொட்டுடுச்சு. அப்ப நான் சொன்னது சரிதானே சார்? கொஞ்சம் பொறுத்திருந்தா தப்பிச்சிருப்பேன்ல? இனிமே 25 சதவீதம் விலகினா மட்டும் எடுக்கலாமா, இல்ல ஃபியூச்சருக்கு பதிலா கால் ஆப்ஷன் விக்கலாமா? என்னைக் கேக்காம க்ளோஸ் பண்ணினதுக்கு புரோக்கர் மேல புகார் குடுக்க முடியுமா? இதுல ஒன்றரை லட்சம் மனைவி நகையை அடகு வச்சுப் போட்டது, அவளுக்குத் தெரியாது.*

வணக்கம். முதல்ல உங்க கணக்குப் புஸ்தகத்தை எடுங்க, மண்டியில தினமும் பண்ற வேலைதான இது. 1,180-ல ஒண்ணு, 1,260-ல ஒண்ணு, 1,340-ல ரெண்டு, நாலு லாட்டோட சராசரி ஷார்ட் விலை 1,280 வருது. இப்ப பங்கு ஆவரேஜைத் தொட்டது எங்க? 1,310-ல. அதாவது புரோக்கர் கையே வைக்காம விட்டிருந்தாலும், 1,500 வரைக்கும் நீங்க மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தாலும், உங்க முறைப்படி கவர் பண்ற அந்த நாள்ல பங்குக்கு 30 ரூபா நஷ்டம், 2,000 பங்குக்கு 60,000 ரூபா. சரி, ஆவரேஜே பண்ணாம முதல் லாட்டோட நின்னிருந்தா? 1,180-க்கு வித்ததை 1,310-க்கு வாங்கணும், அதுலயும் 65,000 நஷ்டம். விலை ஆவரேஜுக்கு திரும்பும்னு சொன்னீங்க, திரும்புச்சு, ஆனா அந்த ஆவரேஜ் நீங்க பாத்த 1,000-ல உங்களுக்காகக் காத்துட்டு இல்ல. மூணு வாரத்துல 310 ரூபா மேல ஏறி வந்து நின்னுச்சு. உங்க அஞ்சாவது டிரேடோட முழுக் கதையும் இதுக்குள்ளதான் இருக்கு, பொறுமை பத்தாமப் போச்சுன்னு இல்ல.

விலகல் அளக்குறது வேகத்தை, உயரத்தை இல்ல

20 நாள் ஆவரேஜ் எப்படி நகருதுன்னு ஒரு தடவை கையால போட்டுப் பாருங்க. இன்னைக்கு விலை உள்ள வருது, 20 நாள் முன்னாடி இருந்த விலை வெளிய போகுது, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 20-ஆல வகுத்தா அதுதான் ஆவரேஜ் இன்னைக்கு நகர்ற தூரம். உங்க பங்குல 1,400 உள்ள வந்து 960 வெளிய போன நாளை எடுத்துக்குவோம், வித்தியாசம் 440, அன்னைக்கு ஒரே நாள்ல ஆவரேஜ் 22 ரூபா ஏறும். அன்னைக்கு விலை ஒரு பைசா ஏறலைன்னாலும் இடைவெளி 22 ரூபா குறைஞ்சிருக்கும், ஷார்ட்ல இருக்கறவனுக்கு அதுல ஒரு ரூபா கூட கிடைக்காது.

இன்னொரு விஷயம், இதை நிறைய பேரு யோசிக்கிறதே இல்ல. ஒரு பங்கு தினமும் சீரா 1 சதவீதம் ஏறுதுன்னு வைங்க, கொஞ்ச நாள்ல அது 20 நாள் ஆவரேஜுக்கு சுமார் 10 சதவீதம் மேல போய் நிக்கும், அப்புறம் எத்தனை நாள் ஏறினாலும் அந்த 10 சதவீதம் அப்படியேதான் இருக்கும். தினமும் 2 சதவீதம் ஏறினா விலகல் 20 சதவீதத்துல நிக்கும், 3 சதவீதம்னா 30 கிட்ட. ஏன்னா ஆவரேஜும் பின்னாடியே அதே வேகத்துல ஓடி வருது. அதனால 20 சதவீத விலகல்னா "பங்கு ரொம்ப உயரத்துக்கு வந்துடுச்சு"ன்னு அர்த்தம் இல்ல, "இப்போதைக்கு தினமும் ரெண்டு சதவீத வேகத்துல ஓடுது"ன்னுதான் அர்த்தம், அவ்வளவுதான். பஸ் 80-ல போகுதுன்னு ஸ்பீடாமீட்டர் சொல்லும், டீசல் எப்ப தீரும்னு அது சொல்லுமா?

இந்த வேகத்துல எந்தப் பங்கும் மாசக்கணக்கா ஓடாதுங்கறது நிஜம்தான், அந்த அளவுக்கு உங்க உள்ளுணர்வு சரி. ஆனா "ரொம்ப நாள் ஓடாது"ங்கறதுக்கும் "நாளைக்கு நிக்கும்"ங்கறதுக்கும் நடுவுல எட்டு நாள் இருந்தாலே போதும், மார்ஜின்ல ஷார்ட் போட்டவன் கதை முடிஞ்சுடும்.

அப்ப முதல் நாலு தடவை ஏன் ஜெயிச்சீங்க? நீங்க எழுதலை, ஆனா சார்ட்டைத் திறந்து பாருங்க, அந்த நாலு தடவையும் ஆவரேஜ் கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடந்திருக்கும்னு நினைக்கிறேன், ஒரு செய்தியில விலை துள்ளி அப்புறம் அடங்கியிருக்கும். கோடு படுத்திருந்தா இடைவெளி மூட ஒரே வழி விலை இறங்குறதுதான். கோடு நிமிர்ந்து ஏறும்போது ரெண்டாவது வழி திறந்துடுது, ஆவரேஜே மேல வந்து மூடிக்கும்.

2020 ஆரம்பத்துல டெஸ்லா

நான் யாருக்கு சொல்லிக் குடுத்தாலும் இந்த சார்ட்டைத்தான் எடுப்பேன் (பங்கைப் பிரிக்கறதுக்கு முன்னாடி இருந்த பழைய டாலர் விலைகள் இது, இப்ப ஸ்கிரீன்ல பாத்தா பதினஞ்சுல ஒரு பங்காத் தெரியும், சதவீதம் மாறாது). 2020 ஜனவரி 14, டெஸ்லா 538-ல முடிஞ்சுது, 20 நாள் ஆவரேஜ் 440 கிட்ட, விலகல் 22 சதவீதம். உங்க ரூல்படி கண்ணை மூடிட்டு ஷார்ட். அடுத்த மூணு நாள்ல விலகல் பாதியாக் குறைஞ்சு 11 சதவீதம் ஆச்சு, ஆனா விலை இறங்கினது வெறும் 5 சதவீதம்தான், 510. மீதியை ஆவரேஜ் ஏறி மூடிருச்சு. ஜனவரி 29-ல விலை 581, புது உயரம், ஆனா விலகல் 14 சதவீதம்தான். விலை கூடியிருக்கு, "அதிகமா ஏறிடுச்சு"ங்கற அறிகுறி குறைஞ்சிருக்கு, பாருங்க. இண்டிகேட்டரை மட்டும் பாத்தவனுக்கு "ஆஹா பங்கு ஆறிடுச்சு"ன்னு தோணியிருக்கும்.

அன்னைக்கு சாயங்காலம் மார்க்கெட் முடிஞ்சதும் காலாண்டு ரிசல்ட் வந்துச்சு, நல்ல ரிசல்ட். பிப்ரவரி 3-ல 780, விலகல் 42 சதவீதம் கிட்ட. பிப்ரவரி 4-ல நடுவுல 969 வரைக்கும் போய் 887-ல முடிஞ்சுது, விலகல் 55 சதவீதம். ஜனவரி 14-ல ஷார்ட் போட்டவன் அன்னைக்கு 65 சதவீதம் நஷ்டத்துல நின்னான்.

சரி அந்த 55 சதவீதமாவது உச்சிதானான்னு கேப்பீங்க. மறுநாள் ஒரே நாள்ல 17 சதவீதம் விழுந்து 735. இதுதான் ஏத்தம் களைச்சுப் போன அறிகுறின்னு நிறைய பேரு நினைச்சிருப்பாங்க, பாடப் புஸ்தகத்துல படம் போடற மாதிரியான நாள் அது. ஆனா ரெண்டு வாரம் கழிச்சு பிப்ரவரி 19-ல பங்கு 917-ல முடிஞ்சுது, அந்த 887-ஐ விட மேல, அப்ப விலகல் 28 சதவீதம்தான். அதாவது விலகலோட உச்சி வேற நாள், முடிவு விலையோட உச்சி வேற நாள். விழுந்ததைப் பாத்துட்டு 735-ல ஷார்ட் போட்டவனுக்குக்கூட 25 சதவீதம் எதிரா ஓடுச்சு.

20 நாள் ஆவரேஜுக்குக் கீழ டெஸ்லா முதல் தடவையா முடிஞ்சது பிப்ரவரி 26-ல, விலை 779. ஜனவரில 538-க்கு வித்தவன் "ஆவரேஜ் வந்ததும் கவர்"னு ரூலை அப்படியே பின்பற்றினா 45 சதவீதம் நஷ்டத்துல கவர் பண்ணியிருப்பான். உங்க 1,180-உம் 1,310-உம் மாதிரியேதான், அளவுதான் பெருசு. மார்ச் 18-ல கொரோனா பீதியில அது 361-க்கு வந்தது உண்மை, ஆனா அதை வச்சு "பாத்தியா ஜனவரி ஷார்ட் கடைசியில சரி"ன்னு யாராச்சும் சொன்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க.

அந்த விலைக்கு யாரு வாங்குறான்?

இதை உங்களுக்கு நான் சொல்லணும்னே இல்ல, மண்டியில பாத்திருப்பீங்க. வெளியூர் பார்ட்டிக்கு சரக்கு தரேன்னு விலை பேசி ஒத்துக்கிட்ட வியாபாரி, குடோன்ல சரக்கு இல்லாம, வரத்தும் குறைஞ்சு போனா என்ன பண்ணுவான்? மஞ்சள் இந்த விலைக்கு தகுமான்னு யோசிச்சுட்டா நிப்பான், ஏலத்துல வர்ற விலைக்கு எடுத்துட்டுப் போவான், ஏன்னா குடுத்தே ஆகணும். ஷார்ட் போட்டவன் எல்லாரும் அந்த வியாபாரிதான். விலை ஏற ஏற ஒவ்வொருத்தனா மார்ஜின் தீர்ந்து வாங்கியே ஆகவேண்டிய நிலைக்கு வர்றான், அவன் வாங்குறதால விலை இன்னும் ஏறுது, அது அடுத்தவனைத் தள்ளுது. 1,430-ல உங்க 2,000 பங்கை புரோக்கர் வாங்கினாரே, அந்த ஆர்டரும் பங்கை 1,500-க்குக் கொண்டுபோன ஆர்டர்கள்ல ஒண்ணு. அந்தப் பக்கம் வாங்கினவங்க எல்லாம் பைத்தியம்னு நினைச்சிருப்பீங்க, அதுல ஒருத்தர் நீங்கதான்.

டெஸ்லாவுல அப்ப ஷார்ட் ரொம்ப கனமா இருந்துச்சு, அதோட கால் ஆப்ஷன் வாங்குற கூட்டமும் சேந்துக்கிச்சு. கால் விக்கிற பெரிய டீலர்கள் சும்மா இருக்க மாட்டாங்க, விலை ஏற ஏற தன்னோட பாதுகாப்புக்கு பங்கை வாங்கிட்டே போகணும், அதுவும் விலையைப் பாக்காத வாங்கல்தான். இப்படி விலையே விலையை ஏத்துற நிலைமை வந்தா அது எப்ப முடியும்னு ஆவரேஜுக்குத் தெரியாது, மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் வெளிய வந்து முடிஞ்சதும்தான் நிக்கும். உங்க பங்கு நீங்க வெளிய தள்ளப்பட்டு கொஞ்சத்துலயே நின்னது ராசி கெட்டதால இல்ல, உங்களை மாதிரி நிறைய பேரு அதே ரெண்டு மூணு நாள்ல தள்ளப்பட்டிருப்பாங்க.

ஆவரேஜ் பண்ணினது இதுல எண்ணெய் ஊத்தின மாதிரி. 3 லட்சத்தைப் பிரிச்சுப் பாருங்க, 1,340 வரைக்கும் நஷ்டம் 1,20,000, அதுக்கு மேல வெறும் 90 ரூபா ஏத்தத்துல 1,80,000. முதல் லாட்ல ஒரு ரூபா ஏறினா 500 போச்சு, நாலு லாட்ல ஒரு ரூபாக்கு 2,000 போச்சு. வாங்கி வச்ச பங்கு எதிரா போகப் போக அதோட மதிப்பு சின்னதாகும், ஷார்ட் எதிரா போகப் போக பெருசாகும், நீங்க கையால வேற அதைப் பெருசாக்கினீங்க.

25 சதவீதமும், கால் விக்கிறதும்

25-ங்கறது அதே ரூல்தான், கோட்டை மட்டும் தள்ளி வச்சிருக்கீங்க. டெஸ்லாவுல 25 சதவீதத்துல எடுத்தவன் 42-ஐயும் 55-ஐயும் பாத்தான். அதோட எல்லாப் பங்குக்கும் ஒரே நம்பர் ஒத்து வராது, தினமும் ஒரு சதவீதம் அசையற பெரிய வங்கிப் பங்குல 12 சதவீதமே அபூர்வம், தினமும் நாலு சதவீதம் ஆடற பங்குல 25 சாதாரணம்.

கால் விக்கிறதும் அதே ஷார்ட்தான், சட்டையை மாத்தியிருக்கு. கிடைக்கறது பிரீமியம் மட்டும், போறதுக்கு எல்லை கிடையாது, அதுலயும் பங்கு பறக்கும்போது ஆடற வேகம் கூடறதால நீங்க வித்த கால் விலை பங்கை விட பல மடங்கு வேகமா வீங்கும். எதிர்ப் பக்கம் நிக்கத்தான் வேணும்னு இருந்தா புட் வாங்குங்க, போறது குடுத்த பிரீமியத்தோட முடிஞ்சுது. ஆனா இந்த மாதிரி நேரத்துல புட்டும் யானை விலை சொல்லும், பங்கு மெதுவா இறங்கினா நீங்க சொன்னது சரியா இருந்தும் காசு கரையும். இதையும் தெரிஞ்சுட்டே போங்க.

விலகல் எதுக்குமே உதவாதான்னா, உதவும். ஏற்கனவே வாங்கி வச்சிருக்கறவனுக்கு பாதியை வித்துக்கோன்னு சொல்றதுக்கும், புதுசா வாங்கப் போறவனை இப்ப வேண்டாம்னு நிறுத்தறதுக்கும் அது நல்ல அளவுகோல். ஷார்ட்டுக்கு அது "கவனி"ன்னு சொல்ற மணி மட்டும்தான். அதுக்கப்புறம் நான் பாக்குறது, பெரிய வால்யூமோட மேல போய் நாளோட அடிமட்டத்துல முடியுதா, அடுத்த ரெண்டு மூணு நாள்ல ஏற முயற்சி பண்ணி அந்த உச்சியைத் தொட முடியாம திரும்புதா, அப்படித் திரும்பினாத்தான் கை வைப்பேன், ஸ்டாப் அந்த உச்சிக்கு மேல. டெஸ்லாவுல விழுந்தப்புறம் எடுத்தவனுக்குக்கூட 25 சதவீதம் எதிரா ஓடுச்சு, பாத்தோம்ல. அதனால அளவுதான் முக்கியம். ஒரு டிரேட்ல 30,000 போனா தாங்குவேன்னு வைங்க, ஸ்டாப் 120 ரூபா தள்ளி இருந்தா 250 பங்குதான் எடுக்க முடியும், லாட் 500, பாதி லாட் யாரும் தர மாட்டாங்க. அப்ப அந்த டிரேட் உங்களுக்கு இல்ல, அடுத்த பங்கைப் பாருங்க. நான் விட்ட டிரேட்ல பாதிக்கு மேல இந்த ஒரு கணக்குலதான் விட்டது.

உங்க முறையைப் பழைய சார்ட்லயும் போட்டுப் பாருங்க. 15 சதவீதம் தாண்டின ஒவ்வொரு தடவைக்கும் நோட்டுல மூணு நம்பர் எழுதுங்க: தாண்டின நாள் விலை, அதுக்கப்புறம் எதிரா எவ்வளவு தூரம் போச்சு, கடைசியில ஆவரேஜைத் தொட்ட நாள் விலை என்ன. "தொட்டுச்சா"ன்னு மட்டும் பாத்தா நூத்துக்கு நூறு வரும், எந்தப் பங்கும் என்னைக்காவது தொடும். மூணாவது நம்பர் முதல் நம்பரை விட மேல இருக்கற வரிகளை சிவப்பு மையில போடுங்க, அந்த வரிகள்லயெல்லாம் ஆவரேஜ் கோடு பத்து நாள் முன்னாடி எங்க இருந்துச்சுன்னும் பாருங்க.

புரோக்கரும் நகையும்

கணக்கு திறக்கும்போது கையெழுத்துப் போட்ட பத்திரத்துலயும் புரோக்கரோட ரிஸ்க் பாலிசிலயும் மார்ஜின் குறைஞ்சா க்ளோஸ் பண்ணலாம்னு இருக்கும், அதனால "கேக்காம பண்ணினாங்க"ங்கறது மட்டும் புகாருக்குப் பத்தாது. 1,430-ல 2,000 பங்கோட மதிப்பு 28,60,000, மார்ஜின் 20 சதவீதம்னு வச்சாலே 5,72,000 வேணும், பங்கு இப்படி ஆடும்போது கூடவும் கேப்பாங்க. அன்னைக்குத் தேதி மார்ஜின் ஸ்டேட்மென்ட், காண்ட்ராக்ட் நோட், வந்த எஸ்எம்எஸ், மெயில் எல்லாத்தையும் எடுத்து வச்சு, க்ளோஸ் பண்ணின நேரத்துல நிஜமாவே பற்றாக்குறை இருந்துச்சான்னு பாருங்க. இருந்தா விட்டுடுங்க. போதுமான பணம் இருந்தும் பண்ணியிருந்தா, இல்ல அவங்க பாலிசில சொன்ன முறையை மீறியிருந்தா, முதல்ல புரோக்கருக்கு எழுத்துல குடுங்க, பதில் சரியில்லைன்னா செபியோட ஸ்கோர்ஸ் தளத்துல போடலாம், அதுக்கும் மேல ஸ்மார்ட் ஓடிஆர்ல சமரசம், நடுவர் தீர்ப்புன்னு வழி இருக்கு.

நகை விஷயத்துல, மீதி இருக்கற பணத்துல முதல் ஒன்றரை லட்சத்தை எடுத்து அதை மீட்டுட்டு வாங்க, அதுவரைக்கும் டெர்மினலைத் திறக்காதீங்க. வட்டி கட்ற காசுல ஷார்ட் போட்டா 1,340-ல ரெண்டு லாட் போடத்தான் கை போகும், நீங்க மட்டும் இல்ல, யாரா இருந்தாலும். வீட்டுல சொல்லிட்டே மீட்டுடுங்க, அடகு ரசீது எப்படியும் ஒருநாள் அவங்க கையில கிடைக்கும்.